ஆறு மணிக்கு அழாத நாள்

எங்கள் மகள் பிறந்து மூன்றாவது வாரம் முடியும் தறுவாயில் அந்த அழுகை வந்தது. அதற்கு முன்பும் அழுதிருக்கிறாள். பசித்தால் அழுதாள், துணி நனைந்தால் அழுதாள், எறும்பு கடித்து ஒருநாள் அழுதாள். அவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு பதில் எங்களிடம் இருந்தது. இது பதில் இல்லாத அழுகை. சாயங்காலம் ஆறு மணி வாக்கில், தெருவிளக்கு எரியத் தொடங்கும்போது முகம் சிவக்கும். இரண்டு கைகளும் மூடிக்கொள்ளும். முட்டிகள் வயிற்றை நோக்கி மடங்கும். பிறகு எட்டரை, ஒன்பது வரைக்கும் ஓயாது.

அது ஆனி மாதம். ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்காலெல்லாம் நிறைந்திருந்தது. குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. என் மனைவிக்கு அம்மா இல்லை. அதனால் அவளுடைய அக்கா வீட்டில்தான் பிரசவத்துக்குப் பிறகு இருந்தாள். பாபநாசத்திலிருந்து வண்டியில் பத்து நிமிடம். வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் வயல். நான் பாபநாசத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். பள்ளி விட்டதும் நேரே அங்கே போவேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு என் வாடகை அறைக்குத் திரும்புவேன். ஆகவே என் மகளை நான் பார்த்தது பெரும்பாலும் சாயங்காலங்களில்தான். என்னைப் பொறுத்தவரை அவள் அழுகிற பிள்ளை. பகலில் அவள் எப்படி இருப்பாள், யாரைப் பார்த்து எந்தப் பக்கம் தலை திருப்புவாள் என்பதெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான்.

இப்போது அந்த வாரங்களை நினைத்தால் எல்லாமே கொஞ்சம் கலங்கலாகத் தெரிகிறது. தூக்கம் இல்லாத கண்ணுக்கு விளக்கைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும். வயலில் நட்ட நாற்றின் பச்சை, மேலே போகும் கொக்குகள், எங்கோ ஓடும் மோட்டார், தவளைகள். இவை எல்லாவற்றின் மேலும் ஒரு மெல்லிய துணியைப் போர்த்தினது போல அவளுடைய அழுகை. அவளைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் நடப்பேன். தண்ணீரின் சத்தம் கேட்டால் சில வினாடிகள் நிறுத்துவாள். அந்தச் சில வினாடிகளில் உலகம் முழுக்க நின்றுபோனது போலிருக்கும். பிறகு மறுபடி.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். பூதலூர்ப் பக்கம் என் ஊர். என் அம்மா இன்னும் கைநாட்டுதான். படித்தவனுக்குப் புரியாத ஒன்று எதிரில் வந்தால் அவன் செய்வது என்ன? படிப்பான். நானும் படித்தேன். ஆரோக்கியமான பச்சைக் குழந்தைகள் சிலர் இப்படிச் சாயங்காலத்தில் காரணமின்றி அழுவார்கள், அதற்கு கோலிக் என்று பெயர், ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய் மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும் என்று தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் மனசு இலேசாகிவிட்டது. ஒரு வரைபடத் தாள் எடுத்தேன். கீழே நாள்கள், பக்கவாட்டில் அழுத நிமிடங்கள். தினமும் ஒரு புள்ளி. புள்ளிகள் மேலே ஏறிக்கொண்டே போயின. ஏறுவது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ஏறினால்தானே இறங்கும்.

அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியபோது என் சகலை, அதாவது மனைவியின் அக்கா வீட்டுக்காரர், இடுப்பில் கைவைத்து அதை அண்ணாந்து பார்த்தார்.

“என்ன சகலை, மேட்டூர் தண்ணி அளவா?”

“இல்லண்ணே. பாப்பா அழுவுற கணக்கு.”

“அது சரி. எல்லா ஊர்லயும் புள்ளை அழுவுது. எங்க ஊர்லதான் வாத்தியார் மார்க் போடுறாரு.”

அக்கா அடுப்படியிலிருந்தே சிரித்தார். அக்காவுக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட. நடவுக்குப் போகிற பெண்களுக்கு அவர்தான் தலைவி. இருபது பேரை வரப்பில் நிறுத்தி, யார் எந்தப் பாத்தி என்று சொல்லி, பேச்சில் ஒருத்தியையும் விடாமல் கேலி செய்து, மதியத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுவார். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். என் மகளைக் குளிப்பாட்டுவது, கால் நீட்டிப் படுக்கவைத்து எண்ணெய் தடவுவது, துணிகளை அலசிக் கொடியில் போடுவது எல்லாம் அவர்தான்.

சண்டை ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. பிள்ளைக்கு அப்போது ஐந்து வாரம்.

கிராமத்துக்கு வரும் நர்ஸ் அன்று வீட்டுக்கு வந்திருந்தார். தூக்குத் தராசில் பிள்ளையைத் துணியோடு தொங்கவிட்டு எடை பார்த்தார். பிறந்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம். இப்போது நாலு கிலோ நூறு. “நல்லா ஏறியிருக்கு” என்றார். வயிற்றை மெல்ல அழுத்தினார், உச்சிக்குழியைத் தடவினார், அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தார். பிறகு பால் கொடுக்கச் சொன்னார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன்.

“எங்க சார் போறீங்க? உக்காருங்க. வெக்கப்பட்டு வெளிய போற அப்பாக்களுக்குத்தான் நான் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கு.”

என் மனைவி பாயில் சம்மணமிட்டு, முதுகைக் கூனிக் குனிந்து பால் கொடுப்பாள். பிள்ளை மல்லாந்து கிடக்கும். கழுத்தை மட்டும் திருப்பிக் குடிக்கும். குடிக்கும்போது நாக்கு சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதை நாங்கள் ஆசையாகக் குடிக்கிற சத்தம் என்று நினைத்திருந்தோம்.

“அது காத்து உள்ள போற சத்தம்மா,” என்றார் நர்ஸ். “நீ பிள்ளைகிட்ட குனியாத. நல்லா சுவத்துல சாஞ்சு உக்காரு. பிள்ளையை உன்கிட்ட கொண்டா. கழுத்தை மட்டும் திருப்பாத, முழுசா உன் பக்கம் திருப்பு. அதோட வயிறு உன் வயித்துல ஒட்டணும். காது, தோள், இடுப்பு மூணும் ஒரே கோட்டுல. இப்ப வாயைப் பெரிசா திறக்கட்டும், அவசரப்படாத. ம்... இப்ப.”

பிள்ளையின் தாடை மார்பில் பதிந்தது. கீழுதடு வெளியே மடிந்தது. காம்பை மட்டும் அல்லாமல் அதைச் சுற்றிய கறுத்த பகுதியையும் வாய் நிறையப் பிடித்திருந்தாள். சொடுக்குச் சத்தம் நின்று, நிதானமாக விழுங்குகிற சத்தம் கேட்டது. என் மனைவி வியப்போடு என்னைப் பார்த்தாள். “வலிக்கவே இல்லைங்க” என்றாள்.

குடித்து முடித்ததும் தோளில் நிமிர்த்திச் சாய்த்து முதுகை நீவச் சொன்னார். அழும்போது தூக்குகிற விதம் ஒன்றையும் காட்டினார். முன்னங்கையில் பிள்ளையைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டும். கன்னம் முழங்கை மடிப்பில், முகம் வெளிப்பக்கம் பார்த்து. கால்கள் இரண்டும் கையின் இருபுறமும் தொங்க. உள்ளங்கை தொடையிடுக்கைத் தாங்க. மற்றொரு கை முதுகில். பிறகு மெதுவாக நடக்க வேண்டும்.

“நாத்து முடியைத் தூக்குற மாதிரி” என்றார் சகலை, நடவுக்குக் கட்டிவைக்கும் நாற்றுக் கட்டை நினைத்து.

“கரெக்ட். ஆனா நாத்து முடியைத் தூக்கிப் போடுற மாதிரி போட்டுறாதீங்க. இப்படிக் குப்புறப் போடுறது முழிச்சிருக்கும்போது, கையில மட்டும்தான். தூங்க வைக்கிறப்ப எப்பவும் மல்லாக்கத்தான்.”

இதே நேரத்தில்தான் அக்கா உரைகல்லோடு வந்தார். சுட்ட வசம்பை உரைத்து, கொஞ்சம் தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவ. மாந்தம் போகும், சாயங்காலம் அழாது என்று அவர் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் நிதானமாகத்தான் சொன்னார். “வேணாம்க்கா. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேணாம். வசம்பும் வேணாம், கடையில விக்கிற தண்ணி மருந்தும் வேணாம்.”

அக்கா தலையாட்டியிருப்பார். நான்தான் விடவில்லை. எனக்குள் பல நாளாகப் படித்துச் சேர்த்துவைத்தது இருந்தது. கோலிக் என்றால் என்ன என்று தொடங்கினேன். சுவரில் இருந்த தாளைக் காட்டினேன். அக்கா கையிலிருந்த உரைகல்லை வாங்கிப் பரணில் வைத்தேன். கடைசியாக, ஏன் வந்ததென்று தெரியவில்லை, ஒரு வாக்கியம் வந்துவிட்டது: “படிக்காதவங்க இருக்கிற வீட்டுல இதான் பிரச்சினை.”

அந்த நேரத்தில் நர்ஸ் என் மனைவியிடம் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இந்த அழுகைக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் காய்ச்சல் வந்தால், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், அழுகையின் குரலே மாறினால் உடனே வர வேண்டும் என்று. என் காதில் அது விழுந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி விழுந்தது. நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கத்தவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார்.

“சரிங்க தம்பி. இனிமே உங்க புள்ளை விஷயத்துல நான் வாயத் தொறந்தா என்னன்னு கேளுங்க.”

அவர் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து குளிப்பாட்டினார், துணி அலசினார், எல்லாம் செய்தார். ஆனால் பிள்ளையைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என் முன்னாலேயே நின்றுகொண்டு சகலையிடம் சொல்வார். “ஏங்க, அவருகிட்ட சொல்லுங்க, பொண்ணுக்குப் போட்டிருக்க சட்டை புழுங்குதுன்னு.” சகலை என் பக்கம் திரும்பி அதையே அப்படியே சொல்வார். நான் சகலையிடம் பதில் சொல்வேன். “தபால்காரன் வேலைக்கு எனக்குச் சம்பளம் யாரு தர்றது?” என்று அவர் அலுத்துக்கொள்வார். நானும் சிரித்துவிடுவேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். சாயங்காலம் அழுகை தொடங்கிவிடும், மறந்துவிடுவேன்.

பால் கொடுக்கும் விதம் மாறியதில் அழுகை நின்றுவிடவில்லை. கொஞ்சம் தணிந்தது, அவ்வளவுதான். முன்னங்கைப் பிடி பலித்தது. அப்படிப் படுக்கவைத்துக் கரையில் நடந்தால் என் கை எலும்பின் மேல் அவள் வயிறு சூடாக அழுந்தும். அழுகை ஒரு முனகலாக இறங்கும். வாய்க்கால் தண்ணீரில் வானம் கறுக்கும் வரை நடப்போம். சில நாள் அதுவும் பலிக்காது. ஒருநாள் இரண்டு மணி நேரம் கழிந்தபின் என் விரல்கள் அவளை இறுக்குவதை நானே உணர்ந்தேன். பல்லைக் கடித்திருந்தேன். சகலை எதுவும் கேட்காமல் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். “போங்க சகலை, மூஞ்சி கழுவிட்டு வாங்க” என்றார். நர்ஸும் அதைத்தான் பிறகு சொன்னார்: தாங்க முடியவில்லை என்றால் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சற்று நேரம் வெளியே நில்லுங்கள், ஒருபோதும் பிடித்துக் குலுக்காதீர்கள்.

ஏழாவது வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மனைவி போன் செய்தாள்.

“ஏங்க, இன்னிக்குத் தூங்கிட்டே இருக்கா. எழுப்பிப் பால் கொடுத்தா ரெண்டு வாய் குடிச்சிட்டு விட்டுர்றா. எனக்கு மாரு கட்டிக்கிட்டு வலிக்குது.”

“நேத்து மூணு மணி நேரம் அழுதாள்ல. களைப்பா இருக்கும். தூங்கட்டும், எழுப்பாத.”

“அக்கா இங்கதான் இருக்கு...”

“என்ன சொல்றாங்க?”

அந்தப் பக்கம் அக்கா பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு என் மனைவி சொன்னாள்: “ஒண்ணும் சொல்லலை.”

நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

அன்று சாயங்காலம் நான் வண்டியை நிறுத்தும்போது மணி ஆறு அடித்திருந்தது. தெருவிளக்கு எரிந்தது. வீட்டுக்குள்ளிருந்து சத்தம் இல்லை. மழை விட்டபின் வருமே, அப்படி ஓர் அமைதி. பிள்ளை தூளியில் கிடந்தாள். தூளித் துணியின் சிவப்பு வழியாக விளக்கு அவள் மேல் விழுந்து அவளையும் சிவப்பாக்கியிருந்தது. ஆறே கால் ஆயிற்று. ஆறரை. அவள் அழவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? சுவரண்டை போய்ப் பேனாவைத் திறந்து, அந்த நாளுக்கு நேரே, அடிக்கோட்டின் மேல், பூஜ்ஜியத்தில் ஒரு புள்ளி வைத்தேன். நன்றாக அழுத்தி வைத்தேன். வாசலில் வந்து உட்கார்ந்தேன். பல வாரங்களுக்குப் பிறகு வயலைப் பார்த்தேன். நட்ட பயிர் நிமிர்ந்திருந்தது. காற்று அதைத் தடவிக்கொண்டு போனது. கண் சொக்கியது. இப்படியே கொஞ்சம் தூங்கிவிடலாம் என்றிருந்தது.

உள்ளே அக்கா நடக்கிற சத்தம் கேட்டது. தூளிவரை வந்தார், திரும்பிப் போனார். மறுபடி வந்தார். கொல்லைக்குப் போனார். கொல்லையிலிருந்து வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த சகலையைப் பார்த்தார்.

“ஏங்க. அவருகிட்ட கேளுங்க.”

“என்னத்தக் கேக்க?”

“கொடியில எத்தனை துணி தொங்குதுன்னு எண்ணிப் பாக்கச் சொல்லுங்க.”

சகலை சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் எழுந்து கொல்லைக்குப் போனேன். அந்தக் கொடியில் எப்போதும் வெள்ளை வெள்ளையாக, ஒன்றின் மேல் ஒன்றாக, எங்கள் பழைய வேட்டியைக் கிழித்த துணிகள் பத்துப் பன்னிரண்டு தொங்கும். அன்று இரண்டு தொங்கின. இரண்டும் காய்ந்திருந்தன.

“எப்பலேர்ந்து?” என்றேன். இந்த முறை சகலையிடம் கேட்கவில்லை.

“காலையில ரெண்டு. அதுக்கப்புறம் நனையவே இல்ல,” அக்கா நேராக என்னிடம் சொன்னார். “தொட்டுப் பாருங்க தம்பி. வாயிலயே நிக்குது மத்தியானத்திலேர்ந்து, நான் சொல்லலை. தொட்டுப் பாருங்க.”

தூளிக்குள் கைவிட்டேன். அவளுடைய வயிறு கொதித்தது. தூக்கினேன். நேற்றுவரை என் முன்னங்கையை எட்டி உதைத்த கால்கள் நாற்று மாதிரி துவண்டு தொங்கின. கண் அரைகுறையாகத் திறந்தது. வாய் திறந்து அழுதாள். அதை அழுகை என்று சொல்ல முடியாது. பூனைக்குட்டி எங்கோ மாட்டிக்கொண்டு கத்துவது போல, மெலிசாக, பாதியில் அறுந்துபோகிற ஒரு சத்தம். இரண்டு முறை. பிறகு அதுவும் இல்லை.

தெர்மாமீட்டர் நூற்றொன்று புள்ளி இரண்டு காட்டியது. நர்ஸுக்குப் போன் செய்தேன். நான் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை.

“சார், இது கோலிக் இல்ல. மூணு மாசத்துக்குள்ள இருக்க பிள்ளைக்கு இந்தச் சூடு வந்தா வீட்டுல வச்சிக்கவே கூடாது. எந்த மருந்தும் கொடுக்காதீங்க. ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன், நேரே தஞ்சாவூர். குடிச்சா பால் கொடுத்துக்கிட்டே போங்க. வழியில கலர் மாறுதா, மூச்சு வேகமா வாங்குதான்னு பாத்துக்கிட்டே இருங்க.”

தஞ்சாவூர் போகிற வழி முழுக்க அக்கா என் மனைவிக்கு அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக்கு வெளியே வயல், தென்னை, ஒரு கோயில் கோபுரத்தின் விளக்கு, மறுபடி வயல். எதுவும் நகராமல் நாங்கள் மட்டும் நகர்வது போலிருந்தது. பிள்ளையின் மூக்கு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. என் பள்ளிச் சேர்க்கைத் தாளில் மை உருட்டி அழுத்தியது. அவளையும் சேர்த்துத்தானே அன்று அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

குழந்தைகள் வார்டில் ஓர் இளம் டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார்.

“கடைசியா எப்ப நல்லா பால் குடிச்சா?”

எனக்குத் தெரியவில்லை.

“விடியக்காலம் அஞ்சு மணிக்குங்க,” என்றார் அக்கா. “எட்டு மணிக்குக் கொஞ்சம். அப்புறம் சும்மா வாயை வச்சதுதான்.”

“யூரின்?”

“காலையில ரெண்டு துணி. ரெண்டாவதுல வாடை வேற மாதிரி இருந்துச்சு.”

டாக்டரம்மா தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தார். “வாந்தி? வயித்துப்போக்கு? வலிப்பு மாதிரி ஏதாவது?”

“இல்லைங்க.”

“நேத்து எப்படி இருந்தா?”

“நேத்து ஊரையே கூட்டினா. நல்லா குடிச்சா, நல்லா அழுதா.”

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு எங்களிடம் சொன்னார்: “இவ்வளவு சின்ன பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து துவண்டுட்டா, எங்க தொத்துன்னு தேடணும். ரத்தம் எடுக்கணும். சின்னக் குழாய் விட்டு யூரின் எடுக்கணும். மூளைக்காய்ச்சல் இல்லைன்னு உறுதிப்படுத்த முதுகுல ஊசி வச்சுக் கொஞ்சம் நீர் எடுக்கணும். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம மருந்தை இப்பவே ஏத்திருவோம். கையெழுத்துப் போடுங்க.”

நான் போட்டேன். படித்து எனக்குக் கிடைத்ததில் அன்று பயன்பட்டது அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

சிறுநீரில் தொற்று. முதுகு நீர் சுத்தமாக இருந்தது. அது தெரிந்தபோது என் மனைவி சுவரில் தலைவைத்து அழுதாள். அக்கா என்னிடம், “நான் மத்தியானமே சொல்லியிருக்கணும் தம்பி. ரோஷம் பாத்துட்டேன்” என்றார்.

“சொல்ல முடியாதபடி பண்ணினது நான்தானேக்கா,” என்றேன். அவர் என் கையில் ஒரு பன்னை வைத்து, “தின்னுங்க மொதல்ல. நீங்களும் விழுந்தா உங்களுக்கு யாரு துணி எண்றது?” என்றார்.

முதல் இரண்டு நாள் அவள் தூங்கினாள். ஊசி வழியே மருந்து இறங்கியது. என் மனைவி பாலைப் பீய்ச்சி, கிண்ணத்தில் எடுத்துச் சின்னக் கரண்டியால் கொடுத்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது; நேராக மார்பில் குடித்தாள். விழுங்கும் சத்தத்தை நாங்கள் மூவரும் குனிந்து கேட்டோம். அக்கா துணிகளைப் படுக்கைக் கம்பியில் போட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நான்கு, ஐந்து.

நாலாம் நாள் சாயங்காலம். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் காக்கைகள் அடைந்துகொண்டிருந்தன. வார்டு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. திடீரென்று அவள் முகம் சிவந்தது. முட்டியை மடக்கினாள். பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்து.

எனக்கு இனி எந்த அழுகையும் தெரியாது என்று தோன்றியது. நல்லதா, கெட்டதா, எதைச் சொன்னாலும் தப்பாகப் போய்விடும். அடுத்த கட்டிலில் இருந்த பெண், “என்னங்க இது, இப்படித் தொண்டை கிழிய அழுவுது! என் புள்ளை இப்பதான் தூங்கினான்” என்றாள். எதிர்க் கட்டிலில் இருந்தவர் வயிற்றில் பெருங்காயம் தடவச் சொன்னார்.

“அக்கா,” என்றேன். “நீங்க என்ன சொல்றீங்க?”

“என்னையா கேக்குறீங்க?”

“உங்களைத்தான்.”

அவர் அவசரப்படவில்லை. பிள்ளையின் கழுத்திலும் வயிற்றிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். துணியைப் பிரித்துப் பார்த்தார். வயிற்றை மெதுவாக அமுக்கினார். என் மனைவியிடம், “எப்பக் கொடுத்த?” என்று கேட்டார். “இப்பதான்க்கா, ரெண்டு பக்கமும்.”

“சூடு இல்ல. துணி நனைஞ்சிருக்கு, மாத்திருவோம். வயிறு மெத்துன்னு இருக்கு. எட்டி உதைக்குறா பாருங்க, கன்னுக்குட்டி மாதிரி. இருந்தாலும் நம்ம பேச்சு வேணாம். போய் டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வாங்க, அவங்களும் ஒரு வார்த்தை சொல்லட்டும்.”

டாக்டரம்மா வந்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், உச்சிக்குழியைத் தடவினார், தெர்மாமீட்டரைப் பார்த்தார். பிறகு அந்தக் களேபரத்துக்கு நடுவே சிரித்தார். “இது நோவுக்கு அழுற அழுகை இல்ல. அவளுக்கு அழுற தெம்பு வந்துருச்சு. இன்னும் கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும். தூக்கிட்டு நடங்க. ஊசி போட்ட கை மட்டும் பத்திரம்.”

அடுத்த கட்டில் பெண்ணிடம் அக்கா சொன்னார்: “கொஞ்சம் பொறுத்துக்கம்மா. நாலு நாளா இந்தக் கச்சேரி இல்லாம நாங்க செத்துப்போயிட்டோம்.”

பிள்ளையை முன்னங்கையில் குப்புறப் படுக்கவைத்தேன். ஊசிக் குழாய் செருகிய கையை அக்கா தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். அந்தக் கை இழுபடாமல் இருக்க வேண்டும் என்பதால் இருவரும் ஒரே வேகத்தில்தான் நடக்க முடிந்தது. தாழ்வாரத்தின் கோடிவரை போய்த் திரும்பினோம். மறுபடி போனோம். அவள் அழுதுகொண்டே இருந்தாள். மணி ஏழு இருக்கும். எட்டரை ஆகும் இவள் ஓய என்றார் அக்கா. ஆகட்டும் என்றேன்.